ஆளா, தடவையா? சுகாதாரத் தொண்டரின் மாதாந்த அறிக்கையை நிரப்பும் விதம்

படிவத்தின் தலையில் "கிராம சுகாதாரப் பணியாளர் மாதாந்த அறிக்கை" என்று போட்டிருக்கும். கொழும்பில் வேலை செய்கிறவர்கள் அந்தக் "கிராம" என்ற சொல்லைப் பார்த்து யோசிக்க வேண்டாம். கிராண்ட்பாஸ், கொட்டாஞ்சேனை, மட்டக்குளி பக்கம் எங்களுக்குக் கிராமம் என்றால் தோட்டம்தான். ஒரு சந்துக்குள் நூறு, நூற்றைம்பது வீடு, ஒரு பொதுக் குழாய், இரண்டு கடை. என் பொறுப்பில் 142 வீடுகள் இருக்கின்றன. எட்டு வருஷமாக மாதக் கடைசியில் இந்த ஒரு பக்கத்தை நிரப்பிக் குடும்ப நல உத்தியோகத்தரிடம், அதாவது நாங்கள் "மிஸ்" என்று கூப்பிடுகிறவரிடம், கொடுத்து வருகிறேன்.

படிவத்தில் மூன்று பகுதிகள். முதலாவது காய்ச்சல், இரண்டாவது வைத்தியசாலைக்கோ கிளினிக்குக்கோ அனுப்பியவர்கள், மூன்றாவது வீட்டுக்குப் போய்ப் பார்த்த கர்ப்பிணிகள். பார்த்தால் சின்ன விஷயம் மாதிரி இருக்கும். ஆனால் புதிதாக வருகிறவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்: கட்டத்துக்குள் எழுதும் எண் ஆட்களின் எண்ணிக்கையா, போய்வந்த தடவைகளின் எண்ணிக்கையா என்பதில். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டே போகிறது. ஒரு ஜூன் மாதக் கொப்பியை எடுத்து முதல் வரியிலிருந்து படிவம் வரை செய்து காட்டுகிறேன். உங்கள் படிவத்தில் தலைப்புகள் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கலாம், எண்ணும் முறை மாறாது.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு பிழையால். சேர்ந்த முதல் வருஷம் ஒரு மாதம் காய்ச்சல் கட்டத்தில் 27 என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாளில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஆட்களோடு சந்துக்கு வந்துவிட்டார். எந்தெந்த வீடு என்று கேட்டார். கொப்பியை விரித்து வாசித்தபோதுதான் தெரிந்தது, 27 என்பது நான் எழுதிய வரிகளின் எண்ணிக்கை. ஆட்கள் 15 பேர்தான். ஒரே வீட்டுக்கு நான் ஆறு தடவை போயிருந்தேன். அவர் கோபிக்கவில்லை. பேனாவை வாங்கி, கொப்பியின் ஓரத்தில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு எழுத்துப் போட்டுக் காட்டினார். அந்த எழுத்தைத்தான் இன்றைக்கும் போடுகிறேன்.

முதல் படி: அன்றன்றைக்குப் போடும் ஒரு எழுத்து

மாத அறிக்கை மாதக் கடைசியில் எழுதப்படுவதில்லை, ஒவ்வொரு நாளும் கொப்பியில் எழுதப்படுகிறது. ஒரு சீ.ஆர். கொப்பி எடுத்து இந்தத் தலைப்புகளோடு கோடு போட்டுக்கொள்ளுங்கள்: திகதி, வீட்டு இலக்கம், பெயர், வயது, என்ன விஷயம், எப்போது தொடங்கியது, அனுப்பிய இடம், போனாரா. கடைசியில் விரல் அகலத்துக்கு ஒரு சின்னக் கோடு விடுங்கள். அந்த இடத்தில் "பு" அல்லது "ம" என்று ஒரு எழுத்து. பு என்றால் புதிது, ம என்றால் மறுமுறை.

அந்த எழுத்தை வாசலில் நின்று எழுதும்போதே போட்டுவிட வேண்டும். 30ஆம் திகதி உட்கார்ந்து, "இது அந்த வீட்டுப் பிள்ளையா, அதன் தம்பியா" என்று யோசித்தால் ஞாபகம் வராது. வந்தாலும் சரியாக வராது.

"எப்போது தொடங்கியது" என்ற இடத்தில் நாட்கணக்கை எழுதாதீர்கள், திகதியை எழுதுங்கள். "ரெண்டு நாளாக் காய்ச்சல்" என்று வீட்டில் சொல்வார்கள். முந்தாநாள் இரவு தொடங்கியதைச் சிலர் இரண்டு நாள் என்பார்கள், சிலர் ஒன்றரை நாள் என்பார்கள். "எந்தக் கிழமை தொடங்கினது? பள்ளிக்கூடம் போன நாளா?" என்று கேட்டுத் திகதியைப் பிடித்துவிட்டால் யார் கணக்குப் பார்த்தாலும் ஒன்றாகவே வரும். காய்ச்சல் தொடங்கிய திகதியே முதல் நாள். 10ஆம் திகதி மாலை தொடங்கினால் 12ஆம் திகதி மூன்றாம் நாள். இந்த மூன்றாம் நாள் ஏன் முக்கியம் என்பதைக் கீழே சொல்கிறேன்.

இரண்டாம் படி: காய்ச்சலை எண்ணுவது

காய்ச்சல் பகுதியில் எண்ணுவது தடவையை அல்ல, ஒரு ஆளுக்கு வந்த ஒரு காய்ச்சலை. ஒரு பிள்ளைக்கு ஒரே காய்ச்சல் ஐந்து நாள் இருந்து நீங்கள் ஐந்து தடவை போனால், எண் 1. அதே பிள்ளைக்குக் காய்ச்சல் நன்றாகச் சுகமாகி, இரண்டு கிழமைக்கு மேல் கழிந்து மறுபடி வந்தால் அது வேறு காய்ச்சல், அதற்கு இன்னொரு 1. இரண்டு கிழமை என்பது எங்கள் பக்கம் வைத்திருக்கும் கணக்கு. உங்கள் மிஸ் வேறு கணக்குச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். ஒரே பகுதியில் இருவர் இரண்டு விதமாக எண்ணக் கூடாது, அவ்வளவுதான்.

ஜூன் மாதம் என் கொப்பியில் காய்ச்சல் என்று 20 வரிகள் இருந்தன. அதைப் பிரித்துப் பார்ப்போம்.

பன்னிரண்டு பேரை ஒவ்வொரு தடவைதான் பார்த்தேன். அது 12 வரி, 12 காய்ச்சல். ஏழு வயதுப் பையன் ஒருவனை மூன்று தடவை பார்த்தேன். 3 வரி, 1 காய்ச்சல். வயதான அம்மா ஒருவரை இரண்டு தடவை. 2 வரி, 1 காய்ச்சல். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு மாதத் தொடக்கத்தில் 3ஆம் திகதி காய்ச்சல் வந்து சுகமாகி, 26ஆம் திகதி மறுபடி வந்தது. 2 வரி, இரண்டு வரிக்கும் "பு", ஆகவே 2 காய்ச்சல். கடைசியாக, ஒருவரை மே 31ஆம் திகதி முதன்முதல் பார்த்து எழுதியிருந்தேன், ஜூன் 1ஆம் திகதி மறுபடி போனேன். அந்த 1 வரிக்கு ஜூனில் எண் இல்லை, அவர் மே மாதக் கணக்கில் ஏற்கெனவே போய்விட்டார்.

கூட்டினால் 20 வரி, 16 காய்ச்சல். "பு" எழுத்துகளை மட்டும் எண்ணினாலும் 16 வரும். இரண்டும் ஒத்துவராவிட்டால் எங்கேயோ ஒரு எழுத்து விடுபட்டிருக்கிறது, அதைக் கண்டுபிடிக்காமல் மேலே போகாதீர்கள்.

எந்த மாதத்தில் போடுவது என்பதிலும் ஒரு குழப்பம் வரும். காய்ச்சல் மே 29 தொடங்கி, நீங்கள் ஜூன் 1 முதன்முதல் பார்த்தால்? ஜூனில் போடுங்கள். முதல் பார்த்த நாளே கணக்கு. தொடங்கிய திகதி கொப்பியில் இருக்கத்தானே இருக்கிறது. இப்படி வைத்துக்கொண்டால், கொடுத்து முடிந்த அறிக்கையைத் திரும்ப வாங்கித் திருத்தும் வேலை வராது.

வயதுக் கட்டங்கள் அடுத்தது. ஐந்து வயதுக்குக் கீழ் 4, ஐந்து முதல் பதினான்கு வரை 5, அதற்கு மேல் 7. கூட்டினால் 16. ஏழு பேரில் ஒருவர் கர்ப்பிணி. அவரை "இவர்களில் கர்ப்பிணி" என்ற கட்டத்தில் 1 என்று காட்டுகிறோம். "இவர்களில்" என்று தொடங்கும் கட்டம் எதையும் மொத்தத்தோடு மறுபடி கூட்டக் கூடாது. 17 என்று வந்த படிவங்களை நிறையப் பார்த்திருக்கிறேன், காரணம் எப்போதும் இதுதான்.

நோயின் பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாங்கள் எழுதுவது "காய்ச்சல்". டெங்கு, எலிக்காய்ச்சல் என்று எங்கள் ஊகத்தில் எழுதக் கூடாது. பக்கத்து வீட்டில் டெங்கு வந்திருந்தாலும் இந்த வீட்டுக் காய்ச்சல் காய்ச்சல்தான். வைத்தியசாலையிலிருந்து வந்த நோய்ச் சுருக்க அட்டையைக் கண்ணால் பார்த்த பிறகு மட்டும் குறிப்புப் பகுதியில் "அட்டைப்படி டெங்கு: 2" என்று எழுதலாம். டெங்குவை முறைப்படி அறிவிப்பது சிகிச்சை கொடுக்கும் வைத்தியர். அவர் எச் 544 என்ற அறிவித்தல் படிவத்தைச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்புவார், அதைப் பார்த்துப் பரிசோதகர் வீட்டுக்கு வருவார். நாங்களும் டெங்கு என்று எழுதினால் ஒரே ஆள் இரண்டு வழியாகப் போய் இரண்டு பேராக நிற்பார். 2017இல் இலங்கையில் 1,86,101 டெங்கு நோயாளிகள் பதிவானார்கள். அந்த எண் உருவானது இந்த அறிவித்தல் வழியால்தான், அதனால் அதை நாங்கள் கலக்கக் கூடாது.

இன்னொன்று. மாத அறிக்கை அவசரத்துக்கு உதவாது. ஒரு கிழமைக்குள் அடுத்தடுத்த வீடுகளில் இரண்டு மூன்று காய்ச்சல் கண்டால் அன்றைக்கே பரிசோதகருக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். நுளம்பு மாதக் கடைசி வரைக்கும் காத்திருக்காது. படிவத்தின் குறிப்புப் பகுதியில் "14ஆம் திகதி தொலைபேசியில் அறிவித்தேன்" என்று எழுதினால் போதும்.

வெளிநாட்டிலிருந்து வந்தவருக்குக் காய்ச்சல் என்றால் அதையும் குறிப்பில் எழுதுங்கள். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடாக அறிவித்தது. இப்போது இங்கே மலேரியா வந்தால் வெளியிலிருந்து வந்தவரோடுதான் வரும். இந்தியாவுக்கு யாத்திரை போனவர், ஆபிரிக்காவில் வேலை செய்து திரும்பியவர் என்றால், பயணத்தைப் பற்றி வைத்தியரிடம் கட்டாயம் சொல்லச் சொல்லுங்கள். சொன்னால்தான் மலேரியாவுக்கு இரத்தம் பார்ப்பார்கள்.

மூன்றாம் படி: அனுப்பியவர்கள்

இந்தப் பகுதியில் எண்ணுவது சீட்டை. நீங்கள் கையில் சீட்டு எழுதிக் கொடுத்து ஒரு இடத்துக்குப் போகச் சொன்னால்தான் அது "அனுப்பியது". "அடுத்த வியாழன் உங்கட கிளினிக், மறக்காதீங்க" என்று சொல்வது நினைவூட்டல், அதை இங்கே சேர்க்கக் கூடாது. "பனடோல் குடிச்சும் குறையலைன்னா டொக்டர்ட்ட போங்க" என்பதும் அப்படித்தான்.

யாரை எப்போது அனுப்புவது? காய்ச்சல் மூன்றாம் நாளுக்கு வந்துவிட்டால் முழு இரத்தப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். கர்ப்பிணி என்றால் மூன்றாம் நாள் என்ற கணக்கே இல்லை, முதல் நாளே வைத்தியரிடம். கைக்குழந்தை, வயதானவர், வேறு நோய் உள்ளவர் இவர்களுக்கும் காத்திருக்கக் கூடாது. ஓயாத வாந்தி, கடும் வயிற்றுவலி, இரத்தக் கசிவு, கை கால் குளிர்வது, சிறுநீர் குறைவது, மயக்கம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் யாராக இருந்தாலும், எந்த நாளாக இருந்தாலும் உடனே. அப்போது சீட்டைத் தேடிக்கொண்டு நிற்காமல் 1990 சுவசெரிய வண்டியைக் கூப்பிட்டுவிட்டு, பிறகு எழுதுங்கள்.

ஜூனில் காய்ச்சலுக்காக 7 சீட்டு எழுதினேன். ஆறு பேர் மூன்றாம் நாளுக்கு வந்தவர்கள், ஒருவர் முதல் நாள் காய்ச்சலோடு இருந்த அந்தக் கர்ப்பிணி. அப்புறம் தலைவலியும் கண் மங்கலும் என்று சொன்ன இன்னொரு கர்ப்பிணிக்கு 1. இரண்டு கிழமைக்கு மேல் இருமல் நிற்காத ஒருவரை மார்பு நோய் சிகிச்சை நிலையத்துக்கு அனுப்பியது 1. மொத்தம் 9.

காய்ச்சலோடு வந்த கர்ப்பிணியைக் காய்ச்சல் வரியில் போடுவதா, கர்ப்பிணி வரியில் போடுவதா? எதற்காகச் சீட்டு எழுதினீர்களோ அந்த வரியில். அவருக்குக் காய்ச்சலுக்காகத்தான் எழுதினேன், ஆகவே காய்ச்சல் 7, கர்ப்பம் 1, மற்றவை 1. இரண்டு வரியிலும் போட்டால் மொத்தம் 10 ஆகிவிடும். நான் எழுதிய சீட்டோ ஒன்பதுதான். சீட்டுப் புத்தகத்தின் அடித்தாள்களை எண்ணிப் பார்த்தால் இது உடனே தெரியும்.

அடுத்த கட்டம் எல்லாக் கட்டங்களிலும் பெறுமதியானது: "போனாரா". இதற்கு மூன்று பதில் உண்டு. போனார், போகவில்லை, தெரியாது. "போனார்" என்று எழுதுவதற்கு ஏதாவது ஒன்றைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும்: இரத்த அறிக்கை, கிளினிக் அட்டையில் அன்றைய திகதி, வார்ட்டில் சேர்த்த துண்டு. "போனோம் அக்கா" என்ற வாய்ச்சொல் மட்டும் இருந்தால் "தெரியாது". நம்பிக்கை இல்லாமல் இல்லை. மருந்துக் கடைக்குப் போனதையும் "போனோம்" என்றுதான் சொல்வார்கள்.

அந்த ஏழு வயதுப் பையனுடைய கதையைச் சொன்னால் இது விளங்கும். அவனுக்கு 10ஆம் திகதி காய்ச்சல் தொடங்கியது. 11ஆம் திகதி முதன்முதல் பார்த்தேன், கொப்பியில் "பு". நிறையக் குடிக்கக் கொடுக்கச் சொல்லி, பனடோல் தவிர வேறு வலி மாத்திரை எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். 12ஆம் திகதி மறுபடி போனேன், "ம". மூன்றாம் நாள் என்பதால் இரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதினேன். அன்றைக்கே போய் இரத்தம் பார்த்து வந்தார்கள். மறுநாள் திரும்ப வந்து பார்க்கச் சொல்லி வைத்தியர் எழுதிக் கொடுத்திருந்தார்.

14ஆம் திகதி காலை போனேன். தாய் வாசலில் உடுப்பு அலசிக்கொண்டிருந்தாள்.

"எப்பிடி தங்கச்சி, மகன்?"

"காய்ச்சல் விட்டுட்டு அக்கா. நேத்து ராவோட சரி. இப்ப ஒடம்பு குளுந்துதான் இருக்கு."

"நேத்து ரெண்டாவது தரம் ரத்தம் பாத்தாச்சா?"

"இல்ல அக்கா, காய்ச்சல்தான் விட்டுட்டே, ஏன் பிள்ளைய சும்மா குத்தணும்னு போகல்ல."

உள்ளே போய்ப் பார்த்தேன். பையன் பாயில் சுருண்டு படுத்திருந்தான். கை விரல்கள் குளிர்ந்திருந்தன. காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை. டெங்குவில் காய்ச்சல் விடும் நேரந்தான் பயப்பட வேண்டிய நேரம். இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்குவது அநேகமாக அப்போதுதான். அந்த நிமிடமே வண்டியைக் கூப்பிட்டோம். நான்கு இரவு வார்ட்டில் இருந்து பையன் நல்லபடியாக வீட்டுக்கு வந்தான்.

இப்போது எண்ணுவோம். காய்ச்சல் 1. சீட்டு 1, ஏனென்றால் 14ஆம் திகதி நான் புதுச் சீட்டு எழுதவில்லை, அதே காய்ச்சலுக்கு அதே சீட்டின் பின்பக்கத்தில் நேரத்தையும் கண்டதையும் எழுதி அனுப்பினேன். போனாரா? போனார், 12ஆம் திகதி இரத்த அறிக்கையை நானே பார்த்தேன். படிவத்தில் இந்தப் பையன் ஒரு 1ஆகத்தான் நிற்கிறான். ஆனால் "12ஆம் திகதி போனார்" என்பதோடு நான் நிறுத்தியிருந்தால், இரண்டாவது பரிசோதனை விடுபட்டது தெரிந்தேயிராது. அதனால் இப்போது கொப்பியில் இன்னொரு கோடு போட்டிருக்கிறேன்: "காய்ச்சல் விட்ட திகதி". அந்தத் திகதிக்குப் பிறகும் இரண்டு நாள் அந்த வாசலுக்குப் போகிறேன். படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை. இருந்தாலும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பது சீட்டில் ஏழு பேர் போனார்கள், ஒருவர் போகவில்லை, ஒருவர் தெரியாது. போகாதவர் முச்சக்கர வண்டி ஓட்டுகிறவர். ஒரு நாள் வண்டி எடுக்காவிட்டால் அன்றைய வருமானம் போய்விடும் என்று காத்திருந்தார், பிறகு சுகமாகிவிட்டது. சுகமானாலும் "போகவில்லை" என்றே எழுத வேண்டும். அந்தக் கட்டம் சுகமானாரா என்று கேட்கவில்லை. காரணத்தைக் குறிப்பில் ஒரு வரி எழுதினேன். பின்னேர நேரத்தில் இரத்தம் பார்க்கக்கூடிய இடம் எது என்று மிஸ் விசாரித்துச் சொன்னது அந்த வரியைப் பார்த்துத்தான்.

நான்காம் படி: கர்ப்பிணிகள்

இங்கே இரண்டு எண்ணும் வேண்டும், ஆளும் தடவையும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கட்டம் இருக்கும், மாற்றிப் போடாதீர்கள்.

ஜூனில் 12 பேரைப் பார்த்தேன். ஏழு பேரை ஒவ்வொரு தடவை, நான்கு பேரை இரண்டிரண்டு தடவை, காய்ச்சல் வந்தவரை நான்கு தடவை. 7, 8, 4 என்று கூட்டினால் 19 தடவை. ஆட்கள் 12, தடவைகள் 19. தடவை எப்போதும் ஆட்களை விடக் கூடவாகவோ சமமாகவோ இருக்கும். குறைவாக வந்தால் கட்டம் மாறிவிட்டது என்று அர்த்தம்.

பூட்டிய கதவைத் தட்டிவிட்டு வந்தது பார்த்ததாகாது. ஜூனில் ஐந்து தடவை அப்படி நடந்தது, அதைக் குறிப்பில் மட்டும் எழுதினேன். சந்தையில் கண்டு கதைத்ததும் வீட்டுக்குப் போனதாகாது. வீட்டில் உட்கார்ந்து, அவர் கையில் இருக்கும் கர்ப்பிணிப் பதிவு அட்டையை, எச் 512 என்ற அதைப் பார்த்து, அடுத்த கிளினிக் திகதியைப் பார்த்து, கேட்க வேண்டியதைக் கேட்டால்தான் ஒரு தடவை.

அதற்கு முன்னால் ஒரு சமன்பாடு இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் பலர் இதைக் கண்டுகொள்வதில்லை, என்னைக் கேட்டால் முழுப் படிவத்திலும் இதுதான் உங்களைக் காப்பாற்றும் வரி. மாதத் தொடக்கத்தில் பட்டியலில் எத்தனை பேர், எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் விலகினார்கள், கடைசியில் எத்தனை பேர். எனக்குத் தொடக்கத்தில் 11. சேர்ந்தவர்கள் 2. பிள்ளை பெற்றவர்கள் 2. இடம் மாறிப் போனவர் 1. ஆகவே 11 + 2 − 2 − 1 = 10. மே மாதப் படிவத்தின் கடைசி எண்ணும் ஜூன் தொடக்க எண்ணும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். இருக்காவிட்டால் யாரோ ஒரு தாய் உங்கள் பட்டியலிலிருந்து நழுவிவிட்டார். முதலில் அவரைத் தேடிப் போங்கள், படிவத்தை அப்புறம் பார்க்கலாம்.

மாதத்தில் பட்டியலில் இருந்தவர்கள் மொத்தம் 13 பேர், பார்த்தது 12 பேர். பார்க்காத ஒருவர், பிரசவத்துக்கென்று மாதத் தொடக்கத்திலேயே ஹட்டனில் தாய் வீட்டுக்குப் போனவர். கொழும்பில் இது அடிக்கடி நடக்கும். போனவரை "போய்விட்டார்" என்று வெட்டிவிட்டால் மட்டும் போதாது. எந்த ஊருக்குப் போகிறார் என்று கேட்டு மிஸ்ஸிடம் சொன்னால், அங்கிருக்கும் குடும்ப நல உத்தியோகத்தருக்குத் தகவல் போகும்.

சேர்ந்த இரண்டு பேரும் ஒரே மாதிரிச் சேர்ந்தவர்கள் அல்ல. ஒருவர் எங்கள் தோட்டத்துப் பெண், ஏழு கிழமை. எட்டுக் கிழமைக்கு முன் பதிவு செய்ய வேண்டும் என்பதுதான் இலக்கு, ஆகவே அன்றைக்கே மிஸ்ஸுக்குச் சொன்னேன். இவர் "புதிய பதிவு". மற்றவர் கணவரின் வேலைக்காக வேறு மாவட்டத்திலிருந்து வந்து வாடகை வீட்டில் இருக்கிறார், இருபது கிழமை அளவில். பெட்டியிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினார். அங்கேயே பதிவாகியிருந்தது. இவர் எங்களுக்குப் புதியவர், பதிவுக்குப் புதியவர் அல்ல. "இடம் மாறி வந்தவர்" என்ற கட்டத்தில் போட வேண்டும். புதிய பதிவில் போட்டால் ஒரே தாய் இரண்டு மாவட்டங்களில் எண்ணப்படுவார், அத்தோடு இருபது கிழமைக்குத் தாமதமாகப் பதிவானவர் என்ற பிழையான பெயரும் எங்கள் பகுதிக்கு வரும். அதனால் வாசலில் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை மாசம்" என்றில்லாமல் "அட்டை இருக்கா தங்கச்சி" என்று இருக்கட்டும்.

விலகியவர்கள் பகுதியில் கரு கலைந்தது, பிள்ளை இறந்து பிறந்தது என்பதற்கும் ஒரு வரி இருக்கும். எழுதக் கை வராது. ஆனாலும் எழுத வேண்டும், விட்டால் சமன்பாடு இடிக்கும். அதைவிட, அந்தத் தாயைப் பார்க்க யாரும் போகாமல் விட்டுவிடுவார்கள். அந்த வீட்டில் வைத்துக் கொப்பியைத் திறக்க வேண்டாம், வெளியே வந்து எழுதுங்கள்.

ஐந்தாம் படி: எழுதிக் கொடுப்பது

கொப்பியில் எல்லாவற்றையும் கூட்டி முடித்த பிறகே படிவத்தை எடுங்கள். இல்லாததற்கு 0 போடுங்கள். வெறுமையாக விட்டால் மேலே இருப்பவருக்கு "இல்லை" என்பதா, "பார்க்கவில்லை" என்பதா என்று தெரியாது. ஒரு கோடு இழுத்து விடுவதும் அப்படித்தான். பிழை வந்தால் வெள்ளை மை பூசாமல் ஒற்றைக் கோட்டால் வெட்டி, மேலே சரியான எண்ணை எழுதிச் சுருக்கொப்பம் வையுங்கள்.

எங்கள் மிஸ்ஸுக்குத் தமிழ் பேச விளங்கும், வாசிப்பது கஷ்டம். அதனால் குறிப்புப் பகுதியில் நீளமாக எழுதாமல் வீட்டு இலக்கம், திகதி, ஒரு சிறு வசனம் என்று எழுதி, கொடுக்கும்போது வாயாலும் சொல்லிவிடுகிறேன். பெயர்கள் படிவத்தில் வரக் கூடாது, அவை கொப்பியில்தான். கொப்பிப் பக்கத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி யார் கேட்டாலும் அனுப்பாதீர்கள். யார் வீட்டில் யார் கர்ப்பம் என்பது அந்தத் தாய் தன் மாமியாருக்கே இன்னும் சொல்லாத விஷயமாக இருக்கலாம்.

எங்கள் பக்கம் அடுத்த மாதம் 5ஆம் திகதிக்கு முன் கொடுக்க வேண்டும். ஒரு போட்டோகொப்பி எடுத்துக் கொப்பியின் பின்னட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த மாதத் தொடக்க எண்ணை அதிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

ஜூலை பக்கத்தைத் திறந்து முதல் வரியில் கர்ப்பிணிகள் 10 என்று எழுதினேன். இரண்டாவது வரியில், "தெரியாது" என்று நின்ற அந்த இருமல்காரரின் வீட்டு இலக்கம். ஜூலை 4ஆம் திகதி அவர் மார்பு நோய் சிகிச்சை நிலையத்து அட்டையைக் காட்டினார். அதற்காக ஜூன் படிவத்தைத் திருத்தவில்லை. ஜூலைப் படிவத்தில் "கடந்த மாதம் தெரியாதிருந்து இப்போது போனவர்" என்ற கட்டத்தில் 1 என்று போட்டேன்.